மடிப்பில் மறைந்த 'ம்'

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நான் கும்பகோணத்தில் காபி டம்ளரோடு உட்காரும்போது சிங்கப்பூரில் இரவு எட்டு மணி. அந்த நேரத்துக்குப் பேத்தியும் அவள் தோழியும் வீடியோ அழைப்பில் வந்துவிடுவார்கள். இருவரும் தொடக்கநிலை ஆறு படிக்கிறவர்கள். பள்ளியில் மற்ற பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் தாய்மொழிப் பாடம். ஆண்டு இறுதியில் பி.எஸ்.எல்.இ. என்கிற பெரிய தேர்வு. அதில் பிள்ளைகளைத் திணற வைக்கிற பகுதிக்குச் 'சுயவிடைக் கருத்தறிதல்' என்று பெயர். ஓர் உரைநடைப் பத்தி கொடுப்பார்கள். கீழே கேள்விகள் இருக்கும். விடைகளில் சில பத்தியிலேயே வார்த்தைக்கு வார்த்தை கிடைத்துவிடும். சில எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. பத்தியில் உள்ளதை வைத்து உய்த்துணர்ந்து, சொந்த வாக்கியத்தில், பிழையில்லாமல் எழுத வேண்டும். இலங்கையில் இதையே கிரகித்தல் என்பார்கள். நான் வகுப்பெடுத்த காலத்தில் இங்கே 'உரைப்பத்தியைப் படித்து விடை தருக' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டோம்.

பயிற்சிக்கான பத்திகளை நானே எழுதி அனுப்புவேன். மகள் அதை அங்கே அச்செடுத்துக் கொடுப்பாள். ஒரு வாரம் தோழிக்குக் காய்ச்சல். பேத்தி தன் தாளைக் கைபேசியில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிட்டாள். ஆக ஒருத்தி தாளைப் பார்த்து எழுதினாள், இன்னொருத்தி படத்தைப் பார்த்து எழுதினாள். இரண்டு விடைகளும் என்னிடம் வந்து சேர்ந்தபோது ஒரு கேள்விக்கு ஒருத்தி 'இல்லை' என்றும் மற்றவள் 'ஆம்' என்றும் எழுதியிருந்தார்கள். பத்தி இதுதான்:

"பேருந்து நின்றதும் முத்து இறங்கி ஓடினான். இன்றும் தாத்தாவின் கடை பூட்டியே கிடந்தது. வாசலில் மடிப்புக் கலையாத மூன்று நாளிதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்துப் பூக்கடை அக்கா அவனைப் பார்த்ததும் கையிலிருந்த சரத்தைக் கீழே வைத்தார். 'தாத்தா எங்கே அக்கா?' என்று கேட்டான். அவர் உடனே பதில் சொல்லவில்லை. 'முதலில் உட்கார். தண்ணீராவது குடி' என்றார். முத்து உட்காரவில்லை. பையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து, 'பழுது பார்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இது இல்லாமல் அவரால் ஓர் எழுத்தும் படிக்க முடியாது' என்றான். அக்கா அதை வாங்கிப் புடவை முனையால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது."

நான் கேட்டிருந்த இரண்டாவது கேள்வி: கடை பூட்டியிருப்பதை முத்து பார்ப்பது இதுதான் முதல் முறையா?

பேத்தி 'இல்லை' என்று எழுதி, 'இன்றும்' என்ற சொல்லைக் காரணமாகக் காட்டியிருந்தாள். தோழி 'ஆம்' என்று எழுதியிருந்தாள். காரணமும் சொல்லியிருந்தாள்: முன்பே ஒருநாள் பூட்டிய கடையைப் பார்த்திருந்தால் முத்து அன்றைக்கே தாத்தாவைப் பற்றி விசாரித்திருப்பான், இன்றுதான் கேட்கிறான், அதனால் இன்றுதான் பார்க்கிறான். யோசித்துப் பார்த்தால் இந்த வாதத்தில் குற்றமே இல்லை. பத்து மதிப்பெண் கேள்வியாக இருந்தால் எட்டு போட்டிருப்பேன். 'இன்றும்' என்ற சொல்லை எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று கேட்டேன். "பாட்டி, 'இன்று'னுதான் இருக்கு" என்றாள்.

படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். அவள் சொன்னது சரி. பேத்தி தாளை நாலாக மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். மடிப்பு சரியாக 'இன்றும்' என்ற சொல்லின் மேல் விழுந்திருக்கிறது. மேலே விளக்கு, விளக்குக்கும் தாளுக்கும் நடுவே கைபேசி. மடிப்பின் பள்ளத்தில் நிழல் கட்டி, 'று' வரைக்கும் தெரிந்து 'ம்' காணாமல் போயிருக்கிறது. மீதி இருந்தது 'இன்று தாத்தாவின் கடை பூட்டியே கிடந்தது'. அந்த வாக்கியத்தில் எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

படமெடுத்த தாளைப் படிக்கும்போது எல்லா எழுத்தும் ஒரே அளவுக்கு ஆபத்தானவை அல்ல. சில எழுத்து போனால் வாக்கியமே கூச்சலிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். 'நாளிதழ்கள்' என்பதில் 'கள்' மறைந்திருந்தாலும், முன்னால் 'மூன்று', பின்னால் 'கிடந்தன' என்று இரண்டு சாட்சிகள் நிற்கின்றன. தமிழ் வினைமுற்று எழுவாயோடு இயைந்து வருவதால் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா, மரியாதையா இல்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில் மறுபடி ஒருமுறை பதிவாகிவிடுகிறது. தலை தெரியாவிட்டாலும் வாலைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு இப்படிக் காவல் கிடையாது. அது போனால் வாக்கியம் அப்படியே நிற்கும், பொருள் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். 'ஆவது', 'மட்டும்', 'கூட', ஏகாரம், ஓகாரம் எல்லாம் இந்த ரகம்தான்.

உய்த்துணர் வினாக்களுக்கான விடைகள் பெரும்பாலும் இந்தச் சின்னச் சொற்களில்தான் ஒளிந்திருக்கின்றன. தொல்காப்பியம் 'உம்' என்ற இந்த ஒன்றுக்கே எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் முதலாவது எச்சம்: சொன்னதோடு சொல்லாத ஒன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருவது. 'இன்றும் பூட்டியே கிடந்தது' என்றால் நேற்றோ முந்தாநாளோ பூட்டிக் கிடந்தது என்பது எழுதாமலே எழுதப்பட்டுவிட்டது. பத்தி முத்துவின் கண் வழியாகவே நகர்வதால், அந்த முந்தைய நாளையும் பார்த்தவன் அவன்தான் என்று கொள்வதே பொருத்தம். அதே பத்தியில் 'ஓர் எழுத்தும்' என்று இன்னோர் உம் வருகிறது. அது வேறு வேலை செய்கிறது: ஓர் எழுத்தே முடியாது என்றால் மற்றதைக் கேட்பானேன் என்கிறது. 'தண்ணீராவது' என்பதில் உள்ள 'ஆவது', வேறெதுவும் இப்போது உனக்குத் தர என்னிடம் இல்லை, இதையேனும் வாங்கிக்கொள் என்கிறது. தோழிக்கு இதை விளக்கியபோது, "அப்போ அக்காவுக்குத் தாத்தா பத்தி ஏதோ தெரியும், சொல்ல முடியல" என்றாள். காய்ச்சலோடு இருந்த பிள்ளை!

மடிப்பைத் தவிர, படத்தில் அடிக்கடி பலியாகிறது புள்ளி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. சுருங்கும்போது முதலில் கரைவது எழுத்தின் தலைமேல் இருக்கும் பொடிப் புள்ளிகள். 'கண்' என்பது 'கண' ஆகிவிட்டால் வாசகர் தானே திருத்திக்கொள்வார், ஏனென்றால் 'கண' என்று தனியாக ஒரு சொல் அங்கே பொருந்தாது. கொம்பில் விஷயம் வேறு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. அது கலங்கினால் கொடி கோடி ஆகும், கொட்டை கோட்டை ஆகும், இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். 'பார்த்தான்', 'பார்த்தாள்' இரண்டும் கலங்கிய படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் தெரியும். யார் செய்தது என்ற கேள்விக்கே விடை மாறிப்போகும். அப்படிப்பட்ட இடத்தில் அந்தச் சொல்லை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. வாக்கியத்தில் யார் எழுவாய், அடுத்த வாக்கியத்தில் அவரை 'அவன்' என்கிறதா 'அவள்' என்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து வர வேண்டும்.

நம் முன்னோர்கள் இதைவிட மோசமான படத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். குறில் கொம்பு, நெடில் கொம்பு என்ற பிரிவு கிடையாது. அதைச் சுழி கொடுத்துப் பிரித்தவர் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையில் இருந்தவை அப்படிப்பட்ட ஓலைகள்தாம். பல பிரதிகளை வைத்து ஒப்பிட்டுத்தான் அவர் பாடத்தை உறுதி செய்தார். தாளும் படமும் எதிரெதிர் விடை தந்தபோது நாங்கள் செய்ததும், சிறிய அளவில், பிரதி ஒப்பிடுவதுதான். இதைச் சொன்னபோது இரண்டு பெண்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

படம் எடுப்பது பற்றி நான் அவர்களிடம் சொல்லியிருப்பது கொஞ்சம்தான். தாளை விரித்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு பத்து நிமிடம் வைத்துவிட்டு எடுக்க வேண்டும். மேல் விளக்கில் எடுத்தால் கைபேசியின் நிழல் விழும். பகலில் ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. பெறுகிறவள் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். தமிழ் நீளச் சொற்களின் மொழி. அச்சில் வரிக் கடைசியில் சொல் உடைந்து, மீதி அடுத்த வரிக்குப் போகும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் முதல் பலி இந்த ஒட்டுகள்தாம். சந்தேகம் உள்ள சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அனுப்பியவளையே கேட்டுவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி விடைக்கு வருவோம். முதல் கேள்வி, கடை எத்தனை நாளாகப் பூட்டியிருக்கும் என்பது. மூன்று நாளிதழ்கள் பிரிக்கப்படாமல் கிடந்ததால் மூன்று நாளாக என்று தோழி எழுதினாள். பேத்தி அதை மறுத்தாள். "தாத்தாகிட்ட கண்ணாடி இல்ல பாட்டி. ரிப்பேருக்குக் கொடுத்துட்டார். கண்ணாடி இல்லாம படிக்க முடியாது. அதனால பேப்பரைப் பிரிக்கல. கடையைத் திறந்திருக்கலாமே, இன்னைக்கு மட்டும் பூட்டியிருக்கலாமே?"

பத்தியை எழுதிய எனக்கே இது தோன்றவில்லை. கண்ணாடியையும் நாளிதழையும் நான் வேறு வேறு காரணத்துக்காக வைத்தேன். அவள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். இப்படி ஒரே தடயத்துக்கு இரண்டு விளக்கம் முட்டிக்கொண்டு நின்றால், மற்ற தடயங்களில் எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். படிக்க முடியாதவர் நாளிதழைப் பிரிக்காமல் இருக்கலாம். ஆனால் கடையைத் திறந்திருந்தால் வாசலில் காலில் மிதிபடும் இடத்தில் மூன்று நாள் நாளிதழை விட்டுவைத்திருக்க மாட்டார், எடுத்து உள்ளேயாவது போட்டிருப்பார். 'ஒன்றன்மேல் ஒன்றாக' என்பதும் யாரும் தொடவில்லை என்கிறது. 'இன்றும்' என்ற சொல் முன்பும் பூட்டியிருந்ததை ஏற்கெனவே சொல்லிவிட்டது. பேத்தியின் விளக்கம் ஒரு தடயத்தோடு மட்டும் ஒத்துப்போகிறது, தோழியின் விளக்கம் மூன்றோடு. பேத்தி ஒத்துக்கொண்டாள், அரைமனதாக.

விடையை வாக்கியமாக்கும்போது நான் கேட்டது இவ்வளவுதான்: கேள்வியில் உள்ள சொற்களை எடுத்துக்கொள், தடயத்தைச் சேர், முடிவைச் சொல். இப்படி வந்தது: 'கடையின் வாசலில் மடிப்புக் கலையாத மூன்று நாளிதழ்கள் கிடந்ததால், கடை குறைந்தது மூன்று நாள்களாகப் பூட்டியிருந்தது என்பதை அறிய முடிகிறது.' 'நாள்களா, நாட்களா?' என்று கேட்டாள் தோழி. இலக்கணம் பார்க்கிறவர்கள் 'நாள்கள்' என்பதையே ஏற்பார்கள், 'நாட்கள்' என்றால் நாள்பட்ட கள் என்று கேலி செய்வார்கள் என்றேன். நடைமுறையில் இரண்டும் எங்கும் அச்சாகின்றன. தேர்வில் வம்பு வேண்டாமே என்பதால் 'நாள்கள்'.

மூன்றாவது கேள்விதான் கடினம். பூக்கடை அக்கா கண்ணாடியைத் துடைத்தது ஏன்? தோழியின் முதல் விடை: 'ஏன்னா அவங்க பயந்துட்டாங்க.' வீட்டில் பேசுகிற தமிழ் அப்படியே தாளில் ஏறிவிட்டது. எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னேன். 'பயந்ததால்.' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். எச்சத்தோடு நின்றுபோன வாக்கியம். யார் பயந்தது, பயந்து என்ன செய்தார் என்று வாசிப்பவர் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 'ஏன்' கேள்விகளுக்கு இந்த அந்தரத்தில் தொங்கும் 'ஆல்' விடைதான் பிள்ளைகளின் நிரந்தர வியாதி. மூன்றாவது முயற்சியில் எதிர்த்திசைக்குப் போனாள்: 'அவர் துடைத்ததற்குக் காரணம் ஏனென்றால் அவர் பயந்ததால் ஆகும்.' ஒரே காரணத்தை மூன்று முறை சொல்லிவிட்டாள். 'காரணம்', 'ஏனென்றால்', 'ஆல்' இவற்றில் ஒன்று போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பத்தியில் அக்காவும் 'அவர்', தாத்தாவும் 'அவர்'. பத்தியைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது குழப்பமில்லை. விடையைத் தனியாகப் படிக்கிறவருக்கு எந்த 'அவர்' என்று தெரியாது. ஆகவே விடையில் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

பயந்தது என்பது சரிதானா என்றும் கேட்டேன். துடைத்ததைப் பற்றிப் பத்தி என்ன சொல்கிறது? கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. தேவையில்லாத வேலையை ஒருவர் எப்போது செய்வார்? இதற்கு விடை பத்தியில் இல்லை, பிள்ளையின் வாழ்க்கையில் இருக்கிறது. பேத்தி சட்டென்று சொன்னாள்: "மார்க் கேட்டா நான் பென்சில் சீவுவேன்." அவ்வளவுதான். அக்காவும் பென்சில் சீவுகிறார். பயம் அல்ல, தயக்கம். முடிவில் வந்த வாக்கியம்: 'தாத்தாவைப் பற்றிய செய்தியை முத்துவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தயங்கியதால், பூக்கடை அக்கா ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தார்.' எழுவாய் உண்டு, வினைமுற்று உண்டு, தடயம் உண்டு, உய்த்துணர்ந்ததும் உண்டு. 'ஆகும்' போட்டு முடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

நான்காவது கேள்வி: தாத்தாவுக்கு என்ன நேர்ந்திருக்கலாம்? 'தாத்தா இறந்துவிட்டார்' என்று இருவருமே எழுதியிருந்தார்கள். அழைப்பில், "உண்மையிலே என்ன ஆச்சு பாட்டி? நீங்கதானே எழுதினீங்க!" என்று வேறு கேட்டார்கள். நான் அதற்கு மேல் எழுதவில்லை, எனக்கும் தெரியாது என்றேன். நம்பவில்லை. பத்தியில் இருப்பது பூட்டிய கடை, சொல்லத் தயங்கும் அக்கா, அவ்வளவுதான். மருத்துவமனையில் இருக்கலாம், கீழே விழுந்து கால் உடைந்திருக்கலாம். மரணத்தை மட்டும் தேர்ந்தெடுக்கப் பத்தியில் ஆதாரம் இல்லை.

இங்கே தமிழ் நமக்கு வசதி செய்து வைத்திருக்கிறது. 'கடை பூட்டியிருந்தது' என்பது பார்த்தது. 'தாத்தாவுக்கு ஏதோ நேர்ந்திருக்க வேண்டும்' என்பது, எல்லாத் தடயங்களும் ஒரே திசையில் கைகாட்டும்போது சொல்வது. 'அவர் மருத்துவமனையில் இருக்கக்கூடும்', 'இருக்கலாம்' என்பவை பல வாய்ப்புகளில் ஒன்றைச் சொல்வது. எவ்வளவு உறுதியோ அதற்கேற்ற முடிவை வினையிலேயே போட்டுவிடலாம். பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் காட்டிய பிறகு தோழி எழுதினாள்: 'பூக்கடை அக்கா பதில் சொல்லத் தயங்கியதிலிருந்து, தாத்தாவுக்கு ஏதோ தீங்கு நேர்ந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. அவர் நோயுற்று மருத்துவமனையில் இருக்கலாம்.' இரண்டு வாக்கியம், இரண்டு அளவு உறுதி. எனக்குப் பிடித்திருந்தது.

எழுத்துப்பிழை பற்றி என் அனுபவம் ஒன்று. பத்தியிலிருந்து பார்த்து எழுதுகிற சொல்லில் பிழை வந்தால் அது கவனக்குறைவு, கண் முன்னால் இருப்பதைப் பார்க்கவில்லை என்று பொருள். (படத்தில் கலங்கியிருந்தால் தவிர.) உண்மையான பிழைகள் உய்த்துணரும் விடையில்தான் வரும், ஏனென்றால் அங்கே பிள்ளை தன் கைச்சரக்கைப் போட்டாக வேண்டும். பெரும்பாலும் அது மனநிலையைச் சொல்கிற சொல்லாக இருக்கும்: தயக்கம், பதற்றம், அதிர்ச்சி, மகிழ்ச்சி, அருவருப்பு. பதற்றத்தைப் 'பதட்டம்' ஆக்குவார்கள், பெரியவர்களும்தான். அருவருப்பில் இரண்டு இடத்திலும் வல்லின றகரத்தைப் போடுவார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பிழை போய்விடும். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது. அதனால் முயற்சி, பயிற்சி, அதற்கு, காட்சி என்றுதான் எழுத வேண்டும். 'முயற்ச்சி', 'அதற்க்கு' எல்லாம் பிழை. ர், ழ் ஆகியவற்றுக்குப் பின்னால் மெய் வரலாம். அதனால்தான் அதிர்ச்சி, வளர்ச்சி, மகிழ்ச்சி ஆகியவற்றில் 'ச்' இருக்கிறது. காதால் கேட்டு இதைப் பிடிக்க முடியாது, சொல்லிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். முன்னால் நிற்பது எந்த எழுத்து என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

சந்திப்பிழையில் நான் எல்லாவற்றையும் திருத்துவதில்லை. திருத்தினால் தாள் சிவந்துபோய்ப் பிள்ளை மிரண்டுவிடும். உய்த்துணர் விடையில் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு மூன்று இடங்களை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். ஐ, கு இவற்றுக்குப் பிறகு வல்லினம் வந்தால் மிகும்: கண்ணாடியைத் துடைத்தார், அதற்குக் காரணம். 'என' என்ற சொல்லுக்குப் பிறகு மிகும், 'என்று' என்ற சொல்லுக்குப் பிறகு மிகாது: எனத் தெரிகிறது, என்று தெரிகிறது. இந்தக் கடைசி ஜோடி ஏறக்குறைய ஒவ்வொரு விடையின் வாலிலும் வருவதால் இதை மட்டும் பத்துத் தடவை எழுதச் சொல்லியிருக்கிறேன். பத்துத் தடவை எழுதச் சொல்வதெல்லாம் அந்தக் காலம் என்று மகள் முணுமுணுத்தாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தோழி தன் திருத்திய விடைகளைப் படமெடுத்து அனுப்பினாள். சொன்னபடி ஜன்னலோரம் வைத்து எடுத்திருக்கிறாள், ஆவணமாக அனுப்பியிருக்கிறாள். மடிப்பில்லை, நிழலில்லை, விரலைத் திரையில் வைத்து விரித்தால் பென்சில் சுரண்டியதுகூடத் தெரிகிறது. ஒவ்வொரு புள்ளியும் கடுகு போல நிற்கிறது. மூன்றாவது விடையில் தானாக ஒரு வரியைச் சேர்த்திருந்தாள்: 'அவர் பதிலைத் தள்ளிப்போட முயற்ச்சி செய்தார்.' அந்த 'ச்' மீது இருந்த புள்ளிதான் பக்கத்திலேயே தெளிவாகத் தெரிந்தது.